36 நிமிடம் எடுத்திருக்கிறீர்கள், படம் 12 நிமிடம்தான்: எதை முதலில் வெட்டுவது?

மூன்று மடங்கு என்பது சங்கடமான அளவு. ஒரு மணி நேரப் படத்துக்கு ஐம்பது மணி நேரம் எடுத்தவர் பெரும்பகுதியை யோசிக்காமலே ஒதுக்கிவிடலாம். 12 நிமிடப் படத்துக்கு 36 நிமிடம் மட்டுமே எடுத்தவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் பார்த்துப் பார்த்துக் கேமராவை ஓடவிட்டிருப்பார், அதனால் எடுத்ததில் குப்பை குறைவாகவே இருக்கும். நல்ல காட்சிகளையே தூக்கியாக வேண்டும். தூக்கிய பிறகு ஒட்டுப் போடவும் கையில் அதிகம் மிஞ்சாது. ஆகவே எந்த வரிசையில் வெட்டுகிறோம் என்பதே இங்கே முக்கியம்.

விளக்குவதற்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன். ராயபுரம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்தது. விடியும் முன் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருவோரத்தில் உட்கார்ந்து விற்கும் ஓர் அக்காவைப் பற்றிய படம். காலையில் தண்டல் பணம், அதாவது வட்டிக் கடன், வாங்கித்தான் ஏலத்துக்குப் போவார், இருட்டுவதற்குள் அதை அடைக்க வேண்டும். எடுத்திருந்த 36 நிமிடத்தில் அக்காவின் பேட்டி 14 நிமிடம், ஏலம் 7, படகு வந்து மீன் இறக்குவது 4, ஐஸ் உடைத்து ஏற்றுவது 3, தெருவில் விற்பது 4, வீடு 4. படத்துக்கு ஒதுக்கிய நேரம் 12 நிமிடம்.

அறிகுறி 1: "எல்லாமே நல்லாத்தான் கீதுண்ணா, எத தூக்கறதுன்னே தெர்ல"

இப்படிச் சொல்பவர் ஒவ்வொரு ஷாட்டாகப் பார்த்து, அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கேள்வியை வைத்து மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்க முடியாது.

முதலில் கூட்டிப் பெருக்கிவிடுங்கள். கேமராவை நிறுத்த மறந்து நடந்தது, ஃபோகஸ் தேடியது, பேட்டியில் நீங்கள் கேள்வி கேட்கும் நேரம், "ஒரு நிமிஷம்க்கா, மைக் சரி பண்ணிக்கறேன்" என்றது, இவையெல்லாம் போகட்டும். காசிமேட்டுப் படத்தில் இதில் 4 நிமிடம் போய் 32 ஆனது. இதை வெட்டு என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ஆடியிருக்கிறது, இருட்டாக இருக்கிறது என்பதற்காகத் தராசு, கை, கூடை, காத்திருக்கும் முகம் போன்ற துண்டு ஷாட்களை இந்தச் சுற்றில் தூக்கி எறியாதீர்கள். பேட்டியில் வெட்டு விழும் இடத்தை மூட அவைதான் கைகொடுக்கும். மூன்று மடங்கே எடுத்த படத்தில் அவை எண்ணிச் சொல்கிற அளவில்தான் இருக்கும். எடிட்டிங் மென்பொருளில் 'பின்' என்கிற தனிக் கோப்புறை ஒன்று போட்டு அதில் சேர்த்துவையுங்கள்.

அடுத்து, படம் எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். "காசிமேட்டு மக்களின் வாழ்க்கை" என்று எழுதினால் அதை வைத்து எதையும் வெட்ட முடியாது, எல்லாக் காட்சியும் அதற்குள் அடங்கிவிடும். வாக்கியத்தில் ஒரு ஆள், அவருக்கு வேண்டிய ஒரு காரியம், அதற்கு ஒரு கெடு, மூன்றும் வேண்டும். பிள்ளைகள் இரண்டு மூன்று தடவை மாற்றி எழுதி இங்கே வந்து நின்றார்கள்: "காலையில் தண்டல் வாங்கி ஏலம் எடுத்த அக்கா, இருட்டுவதற்குள் அதை அடைக்கிறாரா?"

இந்த வாக்கியத்தைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு ஷாட்டை விட்டுவிட்டுக் காட்சியைப் பாருங்கள். ஐஸ் காட்சி மொத்தப் படத்திலும் அழகானது. கட்டை உடைந்து சிதறுவது மெதுவோட்டத்தில் பளபளக்கும். ஆனால் அதில் அக்கா இல்லை, பணமும் இல்லை, நேரம் நெருக்குவதும் இல்லை. முழுக்கப் போனது. வீட்டுக் காட்சியில் பையன் "எனக்கு இந்தத் தொழில் வேணாம்" என்று பேசுகிறான். மனதைத் தொடும் பேச்சுதான், ஆனால் அது அடுத்த தலைமுறையைப் பற்றிய வேறொரு படத்தின் தொடக்கம். இங்கே வைத்தால் பார்ப்பவர் அவனுக்கு என்ன ஆகும் என்று யோசிக்க ஆரம்பிப்பார், படம் அதற்குப் பதில் சொல்லாமல் முடியும். அந்தப் பேச்சைத் தூக்கிவிட்டு, ராத்திரி அக்கா நோட்டு எண்ணும் ஒரு நிமிடத்தை மட்டும் வைத்தோம். 32 என்பது 27 ஆனது.

மனசு வராவிட்டால் அழிக்க வேண்டாம். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனை `Duplicate Timeline` கொடுத்து நகல் எடுத்து, அந்தக் காட்சியின் கிளிப்களைத் தேர்ந்து `D` அழுத்தினால் அவை அணைந்துவிடும். படத்தையே பார்த்திராத ஒருவரிடம் அப்படிப் போட்டுக் காட்டி, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கும் தடுக்காமல் சொல்லி முடித்தால் அந்தக் காட்சி தேவையில்லை. "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்.

அறிகுறி 2: எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தாயிற்று, ஆனாலும் படம் இழுக்கிறது, அவசரமாகவும் இருக்கிறது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். எதையும் இழக்க மனமில்லாமல் ஒவ்வொரு கிளிப்பின் தலையிலும் வாலிலும் நறுக்கிக்கொண்டே போவது. 36-ஐ இப்படி 12 ஆக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஷாட்டும் தன்னில் மூன்றில் இரண்டு பங்கை இழக்க வேண்டும். எந்த ஷாட்டும் அதைத் தாங்காது. டைம்லைனைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: கிளிப்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில், மூன்று நான்கு நொடிகளாக நிற்கும்.

நீளமும் அவசரமும் ஒன்றாக எப்படி வரும்? பார்ப்பவருக்குக் கடிகாரம் தெரியாது. புது இடம், புது ஆள், புது விஷயம் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தடவை நிதானித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் நிமிடத்தைக் குறைத்தீர்களே தவிர, அவர் புரிந்துகொள்ள வேண்டியவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. ஆறு காட்சியும் அப்படியே இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கொடுத்த நேரம்தான் குறைந்திருக்கிறது. அதனால் படம் முழுக்க அவர் ஓடிக்கொண்டே இருக்கிறார், களைத்துப்போகிறார். அந்தக் களைப்பைத்தான் நீளம் என்று சொல்கிறார்.

நறுக்கிய டைம்லைனைத் திருத்திப் பயனில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, நறுக்காத பதிப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். காசிமேட்டு ஏலத்தில் இதைச் செய்த விதம் இது.

நான்கு ஏலங்கள் எடுத்திருந்தார்கள், பெருக்கிய பின் ஆறரை நிமிடம். நறுக்கிய பதிப்பில் நான்கிலிருந்தும் துண்டுகள் இருந்தன. கை ஆடுகிறது, குரல் ஏறுகிறது, கூடை நகர்கிறது, திரும்பக் கை ஆடுகிறது. யார் எதை எடுத்தார்கள் என்றே புரியவில்லை. நான்கையும் தனித்தனியே முழுசாகப் போட்டுப் பார்த்தோம். முதலாவதில் அக்கா சும்மா நின்று பார்க்கிறார். இரண்டாவதில் ஒரு கூடை சங்கராவுக்குக் கேட்கிறார், விலை ஏறுகிறது, வாய் திறக்கப்போய் நிறுத்திக்கொள்கிறார், வேறொருவர் எடுத்துவிடுகிறார். மூன்றாவது கிட்டத்தட்ட இரண்டாவதைப் போலத்தான், ஆனால் முகம் சரியாகத் தெரியவில்லை. நான்காவதில் எடுக்கிறார்.

இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் வைத்தோம், நறுக்காமல். அந்த இரண்டாவதில் அவர் வாயை மூடிக்கொள்ளும் இடத்தில் ஆறேழு நொடி எதுவும் நடக்காது. ஏலம் விடுபவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நறுக்கிய பதிப்பில் முதலில் பலியானதே அந்த இடம்தான், 'ஒண்ணும் நடக்கலையே' என்று. கையில் இருக்கும் பணம் இவ்வளவுதான் என்பதைப் படத்தில் வேறு எந்த ஷாட்டும் அதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. ஏலம் ஆறரையிலிருந்து மூன்றரை நிமிடமானது, மூன்று நிமிடம் மிச்சம். பார்த்தவர்களுக்கோ அது பழைய துண்டுப் பதிப்பைவிடச் சீக்கிரம் முடிந்ததாகத் தோன்றியது.

படகு காட்சிக்கும் இதே முறைதான். படகு தூரத்தில் வருவது, நெருங்குவது, கயிறு கட்டுவது, இறங்குவது, மீன் இறக்குவது என்று மூன்றரை நிமிடம் இருந்தது. மீன் கரைக்கு வந்துவிட்டது என்பது ஒன்றுதான் தேவை. மீன் இறங்கும் ஒரு நிமிடம் மட்டும் நின்றது.

அறிகுறி 3: பேட்டி பாதிப் படத்தைத் தின்கிறது

ஆள் பேசும் படமென்றால் மிகப் பெரிய வெட்டு இங்கேதான் விழும், விழ வேண்டும். ஆனால் இதை டைம்லைனில் தொடங்காதீர்கள். பேச்சைக் காது வழியாக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாமே முக்கியமாகப் படும். பேசியது முழுவதையும் நேரக் குறிப்போடு காகிதத்தில் எழுதிவிடுங்கள். 12 நிமிடப் பேச்சை எழுத அரை நாள் கூட ஆகலாம், பிறகு வீணாகும் நாட்களைப் பார்த்தால் அது குறைவு.

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். அந்த வரி வெறும் தகவலா, நடந்ததைச் சொல்வதா, அவர் மனசா?

தகவல் வரியை வேறு வழியில் கொடுக்க முடியுமா பாருங்கள். அக்கா மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி இரண்டு நிமிடம் விளக்குகிறார். எப்போது தொடங்கும், எப்போது முடியும், ஏன் போடுகிறார்கள் என்றெல்லாம். "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது" என்று திரையில் ஒரு வரி போட்டால் போதும். நிதானமாக இரண்டு தடவை வாசிக்கும் நேரம் அது நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்தில் நாங்கள் வைத்துக்கொண்டது அவர் கடைசியில் சொன்ன ஒன்றை மட்டும்: "கடலுக்குத் தட போட்டாங்கோ, தண்டலுக்கு யாரு தட போட்டா?"

நடந்ததைச் சொல்லும் வரி, நீங்கள் அதையே படமாகவும் எடுத்திருந்தால், போகலாம். ஏலத்தில் எப்படிக் கேட்பார் என்று அவர் விவரிக்கும் ஒன்றரை நிமிடம் முழுக்கப் போனது. ஏலமே கண்முன் இருக்கிறதே.

மனசைச் சொல்லும் வரிகள்தான் மிஞ்சுகின்றன. அவற்றிலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும். கடனைப் பற்றி அக்கா மூன்று இடத்தில் பேசினார். முதல் தடவை கணக்கைத் தெளிவாகச் சொன்னார், இரண்டாவது தடவை கோபமாக. மூன்றாவது தடவை பேச்சு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தபோது தானாகவே, "ஒரு நாளாச்சும் எங் காசுல மீன் எடுக்கணும்" என்றார். பெரும்பாலானவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார்கள், தெளிவாக இருக்கிறது என்பதற்காக. மூன்றாவதை வையுங்கள். தெளிவுக்குத் திரையில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், அந்தக் குரலை எழுத்தால் ஈடுகட்ட முடியாது.

இப்படிப் பேட்டி 12 நிமிடத்திலிருந்து 6 ஆனது, மொத்தம் 27 என்பது 21. பிறகு அந்த ஆறில் இரண்டரை நிமிடப் பேச்சைப் படகு, ஏலம், விற்பனைக் காட்சிகளின் மேல் குரலாக ஓடவிட்டோம். பேச்சு குறையாமலே நேரம் குறைந்து பதினெட்டரைக்கு வந்தது. மேலே சொன்ன ஏலமும் படகும் குறைந்ததும் 13.

குரலைப் படத்தின் மேல் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அக்கா சொல்வதையே படமும் காட்டினால் இரண்டில் ஒன்று வீண். "கூடைய தூக்கினு வருவேன்" என்ற பேச்சுக்குக் கூடை தூக்கும் ஷாட் வேண்டாம். கடனைப் பற்றிய பேச்சைக் கூடை தூக்கும் ஷாட்டின் மேல் போட்டால் இரண்டுக்கும் கனம் கூடுகிறது.

அறிகுறி 4: வெட்டிய இடத்தில் சத்தம் துள்ளுகிறது, அல்லது பொழுது தாவுகிறது

துறைமுகத்தில் எடுத்த பேட்டியில் பின்னால் இன்ஜின், காக்கை, ஏலக் குரல் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு வாக்கியத்தை எடுத்ததும் அந்தச் சத்தம் டக்கென்று மாறும். முகத்தை வேறு ஷாட்டால் மூடினாலும் காது கண்டுபிடித்துவிடும். அக்கா பேசாமல் இருக்கும் இடைவெளிகளிலிருந்து சத்தத்தை எடுத்து, வெட்டின் அடியில் இன்னொரு ட்ராக்கில் நீளமாக ஓடவிட்டு, இரண்டு பக்கமும் மெல்லக் கரையுங்கள். இன்னும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவுசெய்துவிடுங்கள். வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் மூச்சையும் முழுக்க நறுக்காதீர்கள், ஒரு மூச்சாவது விட்டால்தான் மனிதர் பேசுவது போலிருக்கும்.

பொழுது தாவுவது சுலபமாகத் தீரும். ஐஸ் காட்சி போனதால் இருட்டில் ஏலம் முடிந்ததும் உச்சி வெயிலில் தெரு வந்துவிட்டது. பின்னில் சேர்த்துவைத்திருந்ததில் விடிந்தும் விடியாமலும் ஷேர் ஆட்டோவில் கூடை ஏற்றும் நாலு நொடி ஷாட் இருந்தது, ஆடிய ஷாட்தான். அதை வைத்ததும் சரியாகிவிட்டது.

அறிகுறி 5: கடைசி ஒன்றரை நிமிடம் குறையவே மாட்டேன் என்கிறது

தலைப்பும் முடிவெழுத்தும் அரை நிமிடம். அதையும் சேர்த்தால் 13.30. இந்த இடத்தில் எல்லோரும் பழையபடி ஃபிரேம் ஃபிரேமாக நறுக்கப் போய்விடுவார்கள். ஃபிரேம் நறுக்குவது படத்தின் ஓட்டத்தைச் சீர்செய்யத்தான் பயன்படும். இந்தப் படம் மொத்தத்திலும் அதனால் பத்துப் பதினைந்து நொடிதான் கிடைத்திருக்கும். ஒன்றரை நிமிடம் வேண்டுமென்றால் இன்னும் ஒரு கட்டி எங்கோ மறைந்திருக்கிறது, அதைத் தேடுங்கள்.

பெரும்பாலும் அது படத்தின் கடைசியில் இருக்கும். படம் எத்தனை தடவை முடிகிறது என்று எண்ணுங்கள். இதில் கடைசி மீன் விற்கிறது, அது ஒரு முடிவு. வெறும் கூடையோடு அக்கா தெருவில் நடந்து போகிறார், அது இரண்டாவது. வீட்டில் நோட்டு எண்ணுகிறார், மூன்றாவது. நம் வாக்கியத்தில் இருக்கும் கேள்வி கடன் அடைந்ததா என்பது, அதற்குப் பதில் வீட்டில்தான் இருக்கிறது. நடந்து போகும் அரை நிமிடம் போனது. விற்பனைக் காட்சியில் இரண்டு பேரம் இருந்தது, ஒன்றில் வாங்க வந்தவர் சிரித்துப் பேசுகிறார், இன்னொன்றில் விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். போனவரை வைத்துக்கொண்டு சிரித்தவரின் ஒரு நிமிடத்தைத் தூக்கினோம். விற்பனை நாலிலிருந்து இரண்டரை, படம் 12.

காட்சி முழுசாகத் தூக்கும்போது ரிசால்வில் `Delete` அழுத்தினால் இடைவெளி தானே மூடிக்கொள்ளும், `Backspace` அழுத்தினால் இடம் காலியாகவே நிற்கும். இசையும் பின்னணிச் சத்தமும் வேறு ட்ராக்கில் போட்டாயிற்று என்றால் முதலில் `Backspace` கொடுத்து, எல்லா ட்ராக்கும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு இடைவெளியை மூடுவது நல்லது.

அறிகுறி 6: பேசியவர் பார்த்துவிட்டு "நான் அப்டி சொல்லலியே" என்கிறார்

பேட்டியைப் பாதியாகக் குறைக்கும்போது வருகிற ஆபத்து இது. மற்ற அறிகுறிகளைப் போல இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏலத்தில் இவ்வளவுக்கு எடுத்தேன் என்று ஒரு நாளைப் பற்றிச் சொல்லியிருப்பார், இவ்வளவுதான் விற்றது என்று வேறொரு நாளைப் பற்றிச் சொல்லியிருப்பார். நடுவிலிருந்ததைத் தூக்கியதும் இரண்டும் ஒரே நாளின் கணக்காகிவிடும். படத்தில் அவர் நஷ்டப்பட்டவராகிறார், உண்மையில் அன்று லாபம் பார்த்திருக்கலாம். "சில பேரு வட்டிய ஏத்திடுவாங்கோ" என்றதில் "சில பேரு" நறுக்குப்பட்டால், தனக்குப் பணம் தருபவரையே குற்றம் சொன்னதாக ஆகும். நாளைக் காலையில் அவர் அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

எழுதிவைத்த காகிதம் இதற்கும் உதவும். இறுதிப் பதிப்பில் இருக்கும் பேச்சை மட்டும் தனியாக எழுதி, முழுப் பேச்சின் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். இரண்டு வாக்கியம் ஒட்டியிருக்கும் ஒவ்வோர் இடத்திலும், அவை முதலில் எங்கெங்கே இருந்தன, நடுவில் என்ன போனது என்று கேளுங்கள். நாள் மாறியிருந்தால் நடுவில் வேறொரு காட்சியை வைத்துப் பிரியுங்கள், அல்லது ஒன்றைக் கைவிடுங்கள். தொகையைச் சொல்லும் வரிகளை ஒரு தடவை கூடுதலாகச் சரிபார்த்து, வெளியே அனுப்பும் முன் அந்த அக்காவிடமே படத்தைப் போட்டுக் காட்டிவிடுங்கள். அவர் மாற்றச் சொல்லும் இடத்துக்கு நேரம் வேண்டியிருக்கும், அதனால் 12 நிமிடத்தை நுனி வரை நிரப்பாமல் பத்துப் பதினைந்து நொடியைக் காலியாக விட்டுவையுங்கள்.